மூன்று நாள் ஆன் டியூட்டி

திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கடையில் தர ஆய்வுப் பிரிவை நான் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை அறுபதுகளில் வந்த பிறகு, அதற்கு உதிரிப் பாகம் செய்துகொடுக்க அந்தப் பக்கம் முளைத்த எத்தனையோ சின்னப் பட்டறைகளில் எங்களுடையதும் ஒன்று. என் மேசைக்கு வந்த லீவு கடிதங்களில் பெரும்பாலானவை கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல். "பயிற்சிக்குப் போகிறேன், சம்பளத்தோடு லீவு வேண்டும்" என்று கேட்டு வந்தவை மொத்தச் சர்வீஸிலும் பத்தைத் தாண்டாது. அதிலும் பலவற்றை நானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கேட்ட ஆட்கள் நல்ல ஆட்கள். ஆனால் என்னிடமிருந்து அந்தக் காகிதம் முதலாளியின் அறைக்குள் போனால், அவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கே அதில் பதில் இருக்காது.

அப்படித் திருப்பிக் கொடுத்த ஒரு கடிதமும், அதே பையன் நாலு மாதம் கழித்துக் கொண்டுவந்து ஒப்புதல் வாங்கிப்போன இன்னொரு கடிதமும் இன்றைக்கும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் அவர் செய்த வேலையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அவர் பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். டிப்ளமா முடித்து எங்களிடம் மூன்று வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். தொகைகளைக் கணக்குப் புரிவதற்காக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். இன்றைய சந்தை விலையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் கடிதத்தில் அவர் கேட்டது பத்து நாள். அல்ட்ராசோனிக் சோதனையில் லெவல் டூ படிக்க வேண்டும் என்று ஆசை. வெல்டிங்குக்கு உள்ளே மறைந்திருக்கும் குறையை ஒலி அலையை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலை அது. கற்றவர்களுக்கு வளைகுடா நாடுகளில் நல்ல சம்பளம். கடிதத்தில், "எனது தொழில் அறிவை மேம்படுத்திக்கொள்ளவும், நிறுவனத்தின் வளர்ச்சிக்கு மேலும் சிறப்பாகப் பங்களிக்கவும்" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நான் கேட்டேன்: "தம்பி, நம்ம கடையில போன மாசம் எத்தனை ஜாயின்ட்டுக்கு யூ.டி. கேட்டாங்க?"

அவர் யோசித்தார். பதில் எனக்குத் தெரியும்: ஒன்றுகூட இல்லை. நாங்கள் செய்ததில் பெரும்பகுதி மெல்லிய தகட்டில் ஃபில்லட் வெல்டு. அல்ட்ராசோனிக் சோதனை அதற்குச் சரிப்பட்டு வராது. கனமான தகடு வரும்போது வாடிக்கையாளர் ரேடியோகிராபி கேட்பார், அதற்கு வெளியே அனுப்பிவிடுவோம். யூ.டி. மெஷின் எங்களிடம் கிடையாது, வாங்கும் யோசனையும் கிடையாது. பத்து நாள் படித்துவிட்டு வந்தாலும் தொட்டுப்பார்க்க ஒரு ஜாப் இருக்காது. கையில் பழக்கம் இல்லாத யூ.டி. அறிவு ஆறு மாதத்தில் மங்கிப்போய்விடும். அதோடு, அவர் வெளிநாடு போகத்தான் இதைக் கேட்கிறார் என்பது கடிதத்தில் எழுதாமலே எழுதியிருந்தது. அதில் எனக்குக் கோபம் இல்லை, அவர் வாழ்க்கை அவருடையது. ஆனால் அதற்குக் கடை பத்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நான் முதலாளியிடம் போய்ப் பேச முடியாது.

"நம்ம கடையில எங்கே வேலை நிக்குதுன்னு பாருங்க. அங்கேயிருந்து கேளுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

வேலை நின்றுகொண்டிருந்த இடம் டி.பி. டெஸ்ட். டை பெனட்ரன்ட் என்பதைப் பட்டறையில் டி.பி. என்றுதான் சொல்வார்கள். வெல்டின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைக் காட்டும் எளிய சோதனை. முதலில் கிளீனர் போட்டு இடத்தைச் சுத்தமாகத் துடைப்பார்கள். பிறகு சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவிடுவார்கள். விரிசல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கும். மேலே இருக்கும் சாயத்தைத் துடைத்தெடுத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்தால், உள்ளே போன சிவப்பு வெள்ளையில் கசிந்து கோடாகத் தெரியும். மூன்று கேன், கொஞ்சம் துணி, நல்ல வெளிச்சம், முக்கால் மணி நேரப் பொறுமை. இவ்வளவுதான் சாமான்.

ஆனால் விளைவைப் பார்த்து "இது ஓகே, இது ரிஜெக்ட்" என்று கையெழுத்துப் போட லெவல் டூ தகுதி வேண்டும். எங்களிடம் அது யாருக்கும் இல்லை. தரத் திட்டத்தில் "ரூட் முடிந்ததும் டி.பி." என்று இருந்தால், வெல்டர் அடிப் பாஸை ஓட்டிவிட்டு நிறுத்திவிட வேண்டும். ஏஜென்சிக்குப் போன் போகும். அவர்களின் ஆள் காலையில் வந்தால் அதிர்ஷ்டம், மறுநாள் வந்தால் சகஜம். அதுவரை அந்த ஜாப் ரொட்டேட்டரில் உட்கார்ந்திருக்கும், அடுத்த ஜாபை ஏற்ற முடியாது.

தம்பிக்கு இது தெரியாததல்ல. ஏஜென்சிக்காரர் வரும்போதெல்லாம் கூடவே நின்று துடைப்பதும் சாயம் அடிப்பதும் அவர்தான். தெரிந்த விஷயத்தை ஒரு கணக்காக அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை வாட்ச்மேன் ரூமில் இருந்த கேட் ரிஜிஸ்டரை எடுத்தார். மூன்று மாதத்தில் ஏஜென்சி ஆள் உள்ளே வந்த தேதி, நேரம். ஆய்வுக்கு நாங்கள் கூப்பிட்ட தேதி என் ஃபைலில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். மொத்தம் இருபத்திரண்டு கால். ஒன்பது தடவை அன்றைக்கே வந்திருக்கிறார்கள். பதின்மூன்று தடவை மறுநாள்.

இந்த இரண்டு வரிசை எண்கள்தான் இரண்டாவது கடிதத்தின் உயிர். திறமை, ஆர்வம், வளர்ச்சி என்று எழுதியிருந்தால் முதலாளி அதைச் சரிபார்க்க வழியில்லை. கேட் ரிஜிஸ்டரை அவரே திறந்து பார்க்கலாம். தன்னுடைய புத்தகத்தில் இருந்து எடுத்துத் தன் முன்னால் வைக்கப்பட்ட எண்ணை யாரும் லேசில் தள்ளிவிட மாட்டார்கள்.

தம்பி முதலில் போட்ட கணக்கில் ஒரு பிசகு இருந்தது. எல்லோரும் செய்கிற பிசகு. பதின்மூன்று நாள் தாமதத்துக்கு வெல்டர், ஃபிட்டர், ஹெல்பர் மூன்று பேரின் சம்பளத்தைப் பெருக்கி அதையெல்லாம் நஷ்டமாகக் காட்டியிருந்தார். கேட்கப் பெரிய தொகை. ஆனால் முதலாளி அதைப் பார்த்தால், "வெல்டர் என்ன சும்மாவா உட்கார்ந்திருந்தான்? பக்கத்து ஜாபைப் பார்த்தானே" என்று ஒரே கேள்வியில் காகிதத்தை மூடிவிடுவார். அது நியாயமும்கூட. ஒரு எண் தப்பு என்று தெரிந்துவிட்டால் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே காத்திருப்பை ரூபாயாக்கும் வேலையை விட்டுவிட்டோம். "பதின்மூன்று நாள் ரொட்டேட்டர் பிடித்துவைக்கப்பட்டிருந்தது" என்று மட்டும் எழுதினால் போதும். ஒரு ரொட்டேட்டர் ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்பது முதலாளிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ரூபாயில் காட்டக்கூடியது ஏஜென்சி பில். ஒரு வருகைக்கு 2,500. இருபத்திரண்டுக்கும் சேர்த்து 55,000. இதிலும் முழுத் தொகையும் மிச்சம் ஆகாது. சில வாடிக்கையாளர்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட ஏஜென்சிதான் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த இருபத்திரண்டில் அப்படிப்பட்டவை ஏழு. மிச்சம் பதினைந்து, அதாவது 37,500. இதுவரை ஏஜென்சி கொண்டுவந்த கேன்களை இனி நாம் வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு 300 என்று வைத்து 4,500 கழித்தால் மூன்று மாதத்துக்கு 33,000. மாதம் 11,000.

செலவுப் பக்கம் இப்படி: பயிற்சிக் கட்டணம் 9,000. மூன்று நாள் சம்பளம், தம்பிக்கு அப்போது நாள் ஒன்றுக்கு 1,000 வீதம், 3,000. தேர்வு வைத்துச் சான்று ஆவணங்களைச் சரிபார்க்கும் லெவல் த்ரீ ஆலோசகருக்கு 6,000. ஆக 18,000. லீவுச் சம்பளம் இதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதைப் பாருங்கள். கேட்கிறவர்கள் "சம்பளத்தோடு லீவு" என்பதையே பெரிய கேள்வியாக நினைத்துத் தயங்குகிறார்கள். கொடுக்கிறவருக்கு அது சின்னத் தொகை. அவர் பார்ப்பது வேறு: ஆள் இல்லாத நாட்கள், திரும்பி வந்தபின் என்ன மாறும், எப்போது மாறும்.

அந்த "எப்போது" என்பதில்தான் நிறையக் கடிதங்கள் பொய்யாகிவிடுகின்றன, எழுதியவருக்கே தெரியாமல். மூன்று நாள் வகுப்பு முடிந்த மறுநாளே கையெழுத்துப் போடலாம் என்று தம்பியும் நினைத்திருந்தார். அப்படி இல்லை. எங்கள் துறையில் பெரும்பாலும் பின்பற்றுவது அமெரிக்க அழிவிலாச் சோதனைச் சங்கத்தின் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற பரிந்துரை நடைமுறை. அதன்படி டி.பி.க்கு வகுப்பு மிகவும் குறைவு: லெவல் ஒன்னுக்கு 4 மணி நேரம், லெவல் டூவுக்கு இன்னொரு 8. ஆனால் கைவேலை அனுபவம் 70 மணியும் 140 மணியும், சேர்த்து 210 மணி, எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பிறகு பொதுத் தேர்வு, நம் கடை வேலைக்கான சிறப்புத் தேர்வு, செய்முறைத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண்ணுக்குக் குறையக் கூடாது, சராசரி 80 வர வேண்டும். கிட்டப்பார்வைப் பரிசோதனை வருடா வருடம். எல்லாம் முடிந்தபின் சான்று கொடுப்பது பயிற்சி நிலையம் அல்ல, வேலை கொடுக்கும் நிறுவனம். தன்னுடைய எழுத்து நடைமுறையின்படி.

பயிற்சி நிலையம் தரும் காகிதம் "இவர் வகுப்புக்கு வந்தார், தேர்வு எழுதினார்" என்பதற்கு ஆதாரம், அதற்கு மேல் இல்லை. இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்றால், முதலாளி அடுத்த திங்கட்கிழமை ஏஜென்சியை நிறுத்திவிடுவார். வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வந்து, "அனுபவப் பதிவு எங்கே?" என்பார். மொத்த ரிப்போர்ட்டும் கிடப்பில் போகும். அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாருக்கும் பயிற்சி லீவு கிடைக்காது.

தம்பி இரண்டு வருடமாக ஏஜென்சியோடு நின்று கைவேலை செய்திருக்கிறார், ஆனால் ஒரு மணி நேரம்கூட அவர் பெயரில் பதிவாகவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். நான்தான் பதியச் சொல்லியிருக்க வேண்டும். ஏஜென்சியின் பழைய ரிப்போர்ட்டுகள் ஃபைலில் தேதியோடு இருந்தன. லெவல் த்ரீ ஆலோசகரிடம் காட்டினோம். ஏஜென்சியின் லெவல் டூ ஆள், "இந்த நாட்களில் இவர் என் மேற்பார்வையில் வேலை செய்தார்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தவற்றை மட்டும்தான் ஏற்பேன் என்றார். அப்படித் தேறியது 150 மணி. பாக்கி 60. மாதம் ஏழெட்டு டி.பி. கால், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் பதினைந்து மணி. நாலு மாதம் ஆகும்.

ஆகவே இரண்டாவது கடிதம் இப்படி வந்தது. ஒரே பக்கம், தமிழில்:

"சார், கடந்த மூன்று மாதத்தில் டி.பி. டெஸ்டுக்கு 22 முறை வெளி ஏஜென்சியை அழைத்திருக்கிறோம். 13 முறை மறுநாள்தான் வந்திருக்கிறார்கள். தேதிகள் பின்னால் உள்ளன. இதில் 15 அழைப்புகளை நம் கடையிலேயே ஒரு லெவல் டூ ஆள் இருந்தால் பார்த்துவிடலாம். மாதம் சுமார் 11,000 ரூபாய் ஏஜென்சி செலவு குறையும். டி.பி. லெவல் டூ பயிற்சிக்கு மூன்று நாள் ஆன் டியூட்டியும், கட்டணம் 9,000 ரூபாயும் கேட்கிறேன். தேர்வுச் செலவு 6,000 தனி. பயிற்சி முடிந்ததும் உடனே கையெழுத்திட முடியாது; இன்னும் 60 மணி நேர அனுபவம் சேர்க்க வேண்டும், நாலு மாதம் ஆகும். அதுவரை ஏஜென்சி தொடர வேண்டும். ஐந்தாவது மாதத்திலிருந்து செலவு குறையும். நான் இல்லாத மூன்று நாளும் ஃபிட்-அப் ஆய்வை இன்னொரு இன்ஸ்பெக்டர் பார்ப்பார், அவரிடம் பேசிவிட்டேன். அந்த வாரம் டெஸ்பாட்ச் எதுவும் இல்லை."

"உடனே கையெழுத்திட முடியாது" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று தம்பி என்னிடம் கேட்டார். பலவீனமாகத் தெரிகிறதே என்று பயம். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். முதலாளி கடிதத்தைப் படித்தபோது விரலை வைத்து நிறுத்தியது அந்த வரியில்தான். "நாலு மாசம் கழிச்சுத்தானா?" என்றார். "ஆமா சார். அதுக்கு முன்னாடி நிறுத்தினா கஸ்டமர் ஆடிட்ல மாட்டிக்குவோம்" என்றார் தம்பி. முதலாளி தலையாட்டினார். கேட்க வந்தவன் தனக்குப் பாதகமானதையும் சேர்த்தே சொல்கிறான் என்று தெரிந்த பிறகு, பேச்சின் தொனியே மாறிவிட்டது.

அவர் கேட்ட அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான்: "படிச்சிட்டு நீ போயிட்டா?"

"போக மாட்டேன் சார்" என்று சத்தியம் செய்வது பலர் செய்வது. யாரும் நம்புவதில்லை. தம்பி சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. இந்த முறையில் சான்று கொடுப்பது கடை. ஆள் வேலையை விட்டால் அந்தச் சான்று செல்லாது, புது முதலாளி மறுபடி தன் நடைமுறைப்படி சான்று கொடுக்க வேண்டும் என்பதைச் சொன்னார். பயிற்சி எடுத்ததற்கும் அனுபவத்துக்குமான பதிவின் நகல் தனக்கு வேண்டும், அது தன் உழைப்பு என்பதையும் சொன்னார். இரண்டும் உண்மை. ஐ.எஸ்.ஓ. 9712 முறையில் வெளி அமைப்பு தரும் சான்று வேறு ரகம், அது ஆளோடு போகும். எதைப் படிக்கப்போகிறோம், சான்று யார் கையில் இருக்கும் என்பதை இருவரும் முதலிலேயே பேசிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

முதலாளி ஒரு வருட பாண்டு கேட்டார். இந்த இடத்தில் வேலை செய்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் "பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று யாராவது சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். அதே சமயம், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் பேசுகிறது, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு. ஆகவே கேட்க வேண்டியது இரண்டு: தொகை, பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவைத் தாண்டக் கூடாது, நாள் ஆக ஆக அது குறைந்துகொண்டே வர வேண்டும். தம்பியின் விஷயத்தில் 18,000 ரூபாய், பன்னிரண்டு மாதம், மாதம் 1,500 கழியும் என்று எழுதிக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் விலகினால் 6,000 கட்டினால் போதும். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு மட்டும் சம்மதிக்கவே கூடாது.

மூன்று நாளும் என்ன பெயரில் பதிவாகிறது என்பதைப் பலர் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். "போயிட்டு வா, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்னது, மாதக் கடைசியில் ஈட்டிய விடுப்பில் கழிந்திருக்கும்; அல்லது வருகைப் போனஸ் போயிருக்கும். தொழிற்சாலைகள் சட்டம், 1948, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று கணக்கு வைத்தது. அது ஓய்வுக்கான விடுப்பு, உழைத்துச் சேர்த்த சொத்து. கடையின் தேவைக்காகப் படிக்கப் போகிறவர் அதைச் செலவழிக்கக் கூடாது. ஆன் டியூட்டி என்று அட்டெண்டன்ஸில் ஏறினால் அது வேலை நாள். அதோடு, போகிற வழியில் ஏதாவது விபத்து என்றால், வேலை நிமித்தமாகத்தான் போனார் என்பதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கும். வாட்ஸப்பில் ஒரு வரியாவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தில் இதற்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பார்கள். தனியார் துறையில் வேலை செய்கிறவருக்குப் பயிற்சிக்காகச் சம்பள விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் பொதுச் சட்டம் இல்லை. சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பைப் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-லேயே 140-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது; இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் வருடத்துக்கு ஐந்து நாள் இதற்கென்றே சட்டப்படி உண்டு. அங்கே உரிமையைக் காட்டிக் கேட்கலாம். இங்கே தேவையைக் காட்டித்தான் கேட்க முடியும். இது மாற வேண்டும் என்பதே என் எண்ணம். மாறும்வரை கேட் ரிஜிஸ்டர்தான் நம் கையில் இருக்கும் ஆயுதம்.

முதலாளி முழுதும் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்றும் தம்பியோடு பேசி வைத்திருந்தேன். கட்டணமும் லீவும் இரண்டு தனிக் கேள்விகள். பணம் கொடுக்கத் தயங்குகிறவர் நாளைக் கொடுப்பார்; ஆர்டர் நெருக்கடியில் நாளைக் கொடுக்க முடியாதவர், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்றால் பணம் கொடுப்பார், அந்த ஞாயிறுகளுக்கு மாற்று விடுப்பும் கேட்கலாம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால், இல்லை என்ற ஒரு சொல்லில் இரண்டும் போய்விடும். மார்ச் மாதக் கடைசியில் மட்டும் கேட்கவே கூடாது. வருடக் கணக்கு முடியும் டெஸ்பாட்ச் நெருக்கத்தில் எங்கள் பக்கம் சொந்தக் கல்யாணத்துக்கே லீவு கிடைப்பது கஷ்டம்.

எங்கள் முதலாளி மூன்று நாளும் கட்டணமும் கொடுத்தார். தேர்வுச் செலவை மட்டும், "அந்தச் சமயத்துல பாக்கலாம்" என்றார். நாலு மாதம் கழித்து அதையும் கொடுத்தார்.

தம்பி வகுப்பு முடிந்து வந்த அன்று நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மதியம் யார்டில் ஒரு ஹெடர் கிடந்தது, சித்திரை வெயில். ஏஜென்சி ஆள் சாயம் அடிக்கக் கேனைத் தூக்கினார். தம்பி போய்க் குழாயின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "அண்ணே, இது சூடு அதிகம்ணே. ஒரு தடவை டெம்பரேச்சர் பாத்துருவோம்." பார்த்தபோது 58 டிகிரி. ஆஸ்மி விதிப்படி வழக்கமான டி.பி. சோதனைக்கு மேற்பரப்பு 5 முதல் 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சாயம் விரிசலுக்குள் சரியாக இறங்கும் முன்பே காய்ந்துவிடும், குறை இருந்தாலும் காட்டாது. ஜாபை ஷெட்டுக்குள் தள்ளி ஆறவிட்டார்கள். எத்தனை வருடமாக அந்த யார்டில் வெயிலில் வைத்து டெஸ்ட் செய்திருக்கிறோம் என்று நான் கணக்குப் பார்க்கத் துணியவில்லை.

ஆறிய பிறகு சாயம் அடித்துப் பத்து நிமிடம் விட்டார்கள். மேலே இருக்கும் சிவப்பை எடுக்க, எங்கள் ஹெல்பர் பழக்கப்படி கிளீனர் கேனை நேராக வெல்டின் மேல் பீய்ச்சப் போனார். தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். "நேரா அடிச்சா உள்ள இறங்கின சாயத்தையும் கழுவிட்டுப் போயிரும்ணே. துணில அடிச்சு, துணியால துடைங்க." ஹெல்பர் என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாக அப்படித்தான் பீய்ச்சிக்கொண்டிருந்தார், தம்பியும் சேர்ந்துதான். நான் தலையாட்டினேன். காய்ந்த துணியால் முதலில் துடைத்து, பிறகு கிளீனர் தொட்ட துணியால் லேசாகத் துடைத்து, டெவலப்பர் அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஐந்தாறு நிமிடத்தில், ஸ்டப் வெல்டின் ஓரத்தில், நகத்தின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது. தம்பி பேனாவை எடுத்து நேரத்தையும் இடத்தையும் பதிவேட்டில் எழுதினார். அவருடைய 60 மணி நேரத்தில் முதல் இரண்டு மணி அதே பக்கத்தில், ஏஜென்சிக்காரரின் கையெழுத்தோடு ஏறியது.